வரவேற்பு முதல் நாள், கல்யாணம் மறுநாள்

கல்யாணப் பத்திரிகை ஒன்றில், முகூர்த்தம் 28.08.2025 வியாழக்கிழமை காலை என்று இருக்கிறது. அதற்குக் கீழே, 'வரவேற்பு: 27.08.2025 புதன் மாலை 6.30 மணி' என்று ஒரு வரி. தமிழ்நாட்டில் இந்த வரியை யாரும் இரண்டாம் முறை படித்துப் பார்க்கமாட்டார்கள். முந்தின நாள் மாலை மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் நிற்பார்கள், வந்தவர்கள் வாழ்த்திச் சாப்பிட்டுப் போவார்கள், விடிந்தால் தாலி கட்டு. ஊரறிந்த நடைமுறை.

அதே பத்திரிகை செல்பேசியில் படமெடுக்கப்பட்டு, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, லண்டனிலோ டொராண்டோவிலோ ஒரு விசா அதிகாரியின் மேசைக்குப் போகும்போது நிலைமை வேறு. அவருக்குத் தெரிந்த ரிசப்ஷன், கல்யாணம் முடிந்தபின் நடப்பது. 27ஆம் தேதி ரிசப்ஷன் என்றால் கல்யாணம் அதற்கு முன்பே ஆகிவிட்டது என்று அவர் நினைக்க இடமிருக்கிறது. கோப்பில் இணைத்த படங்களிலும் 27ஆம் தேதி மாலை இருவரும் மாலையணிந்து மேடையில் நிற்கிறார்கள். விண்ணப்பத்தில் கல்யாணத் தேதி 28 என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனாலும் கோப்பில் முரண்பாடு ஒன்று முளைத்துவிட்டது.

இதைத் தடுக்கப் பக்கத்தின் அடியில் இரண்டே வரி போதும். 'மணமக்களுக்கான வரவேற்பைத் திருமணத்துக்கு முந்தின நாள் மாலை நடத்துவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். இப்பத்திரிகையின்படி திருமணச் சடங்கு 28ஆம் தேதி காலை.' இதற்கு மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று பெயர். கோப்பில் இது ஆங்கிலத்தில் இருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் குறிப்புகள் எல்லாம் அவற்றின் தமிழ் வடிவம்.

கல்யாணப் பத்திரிகையை ஏன் ஒருவர் பெயர்க்க வேண்டும்? திருமணச் சான்றிதழ்தான் முதன்மை ஆவணம் என்றாலும், கணவனோ மனைவியோ வெளிநாட்டில் இருப்பவரிடம் போய்ச் சேர விண்ணப்பிக்கும்போது, திருமணம் உண்மையாக நடந்தது என்பதற்குத் துணைச் சான்றாகப் பத்திரிகை, படங்கள், மண்டப ரசீது ஆகியவற்றை இணைக்கிறார்கள். அமெரிக்காவின் குடியேற்ற விதிப்படி அயல்மொழி ஆவணம் எதுவானாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, துல்லியமானது என்றும், தனக்கு அந்த மொழிகளில் தேர்ச்சி உண்டு என்றும் பெயர்த்தவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிரிட்டனும் பெயர்த்தவரின் உறுதிமொழி, பெயர், கையொப்பம், தேதி ஆகியவற்றைக் கேட்கிறது. கனடாவில் விண்ணப்பதாரரோ அவருடைய குடும்பத்தினரோ பெயர்க்கக் கூடாது. 'முழுமை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். புரியாததை விட்டுவிடலாம், அழகுக்கு அச்சிட்டதைத் தாண்டிப் போகலாம் என்ற சலுகை இங்கே கிடையாது. தாளில் இருப்பது அத்தனைக்கும் ஆங்கிலப் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

நாவல் பெயர்ப்பவருக்கு இந்த நெருக்கடி இல்லை. புரியாத சொல்லை அவர் அப்படியே விட்டு, கதையின் போக்கில் வாசகர் தானே பிடித்துக்கொள்ளட்டும் என்று இருக்கலாம். நூலின் கடைசியில் சொல்லடைவு சேர்க்கலாம். விசாக் கோப்பைப் படிப்பவருக்குக் கதையின் போக்கும் இல்லை, நேரமும் இல்லை.

படத்திலிருந்து பெயர்ப்பதால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பெயர்ப்பவரின் கைக்குப் பத்திரிகை வருவதில்லை. வாட்ஸ்அப்பில் அதன் படம் வருகிறது. மஞ்சள் தாளில் அரக்கு நிற எழுத்து என்றால் தப்பித்தோம். பளபளக்கும் தங்க நிற அச்சு என்றால், ஃப்ளாஷ் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். மடிப்பில் ஒரு வரி விழுங்கப்படும். ஓரம் வெட்டுப்பட்டு ஒரு பெயரின் பாதி போகும். படத்தைப் பளிச்சென்று ஆக்கும் செயலிகள் மெய்யெழுத்தின் புள்ளிகளைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுவதும் உண்டு. ஆக, பெயர்ப்பவர் முன்னால் இருவகை இடைவெளிகள் இருக்கின்றன. ஒன்று, எழுத்தே தெரியாத இடம். மற்றது, எழுத்து தெளிவாகத் தெரிந்தும் ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இல்லாத இடம். இரண்டையும் ஒரே மாதிரி குறித்தால், படிப்பவருக்கு எது படத்தின் குறை, எது பண்பாட்டின் வேறுபாடு என்று தெரியாது. முதல் வகைக்கு அந்த இடத்திலேயே சதுர அடைப்புக்குள் 'படிக்க இயலவில்லை' என்று போட வேண்டும். காரணம் தெரிந்தால் 'படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுள்ளது' என்று சேர்க்கலாம். இரண்டாம் வகைக்குத்தான் குறிப்பு. வட்ட அடைப்பை மொழிபெயர்ப்பாளர் தம் சொற்களுக்குப் பயன்படுத்தவே கூடாது, ஏனென்றால் மூலத்திலேயே வட்ட அடைப்புகள் இருக்கும்.

இதை ஒரு பத்திரிகையை வைத்தே பார்க்கலாம். கீழே இருப்பது இந்தக் கட்டுரைக்காக அமைத்த மாதிரி, பெயர்கள் கற்பனை. நாள், திதி, நட்சத்திரம் ஆகியவை அந்தத் தேதிக்கு உரியவை.

உச்சியில் நடுவே 'உ'. அதன் கீழ் 'ஸ்ரீ முருகன் துணை'. பிறகு: 'அன்புடையீர், நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 12ஆம் நாள் (28.08.2025) வியாழக்கிழமை, வளர்பிறை பஞ்சமி திதியும் சித்திரை நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள் கன்னி லக்னத்தில், தெய்வத்திரு கருப்பையா அவர்களின் பேரனும் திரு. க. முருகேசன் அவர்களின் குமாரனுமாகிய திருவளர்ச்செல்வன் மு. செந்தில்குமார் பி.இ., அவர்களுக்கும், திரு. ப. கணேசன் அவர்களின் குமாரத்தி திருவளர்ச்செல்வி க. பிரியா எம்.எஸ்சி., அவர்களுக்கும் திருமாங்கல்ய தாரணம் செய்ய நிச்சயித்திருப்பதால்…' என்று போகிறது. அடியில் வரவேற்பு வரி. கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று அண்ணன், சித்தப்பா, தாய்மாமன் வரிசை. அதற்கும் கீழே 'சுற்றமும் நட்பும்'.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர் எந்தெந்தச் சொல்லுக்குக் குறிப்பு எழுதுவார்? மாங்கல்யம், திதி, லக்னம், தெய்வத்திரு, தாய்மாமன் என்று கனமாகத் தெரியும் சொற்களையெல்லாம் வளைத்துப் போடுவார். வரவேற்பு, அண்ணன், சித்திரை ஆகியவற்றை எளிது என்று விட்டுவிடுவார். நடக்க வேண்டியது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. அதிகாரி ஒருபோதும் கேள்விப்படாத சொல்லைப் பார்த்தால், இது ஏதோ சடங்குச் சொல் என்று கடந்துபோவார்; தவறான முடிவு எதற்கும் வரமாட்டார். தனக்குத் தெரியும் என்று அவர் நினைக்கும் சொல்லில்தான் தவறான முடிவுக்கு வருவார். படிப்பவர் தானாகவே தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்பு வெளியே தெரியாமலே கோப்பில் தங்கிவிடும் இடம் எதுவோ, அங்கேதான் குறிப்பு தேவை.

'சித்திரை' இதற்கு நல்ல சோதனை. தமிழில் சித்திரை ஒரு மாதமும்தான், ஒரு நட்சத்திரமும்தான். இந்தப் பத்திரிகையில் மாதம் ஆவணி, நட்சத்திரம் சித்திரை. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒலிபெயர்த்து எழுதியபின், சரிபார்க்கும் ஒருவர் இணையத்தில் சித்திரை என்று தேடினால் முதலில் கிடைப்பது ஏப்ரல்-மே மாதம். ஒரே வாக்கியத்தில் ஆகஸ்டும் ஏப்ரலும்! படத்தில் 'நட்சத்திரமும்' என்ற சொல்லின் மேல் வெளிச்சம் விழுந்து அழிந்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். குறிப்பு இப்படி வரும்: 'இங்கு சித்திரை என்பது அன்றைய நட்சத்திரத்தின் பெயர், அதே பெயருள்ள மாதம் அல்ல.' ஒரே வாக்கியம். நட்சத்திரங்கள் 27 என்பதோ, பஞ்சாங்கம் எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதோ இங்கே வேண்டாம்.

தேதி வரிக்கே ஒரு குறிப்பு உண்டு. அதில் விசுவாவசு, ஆவணி ஆகியவை தமிழ் நாட்காட்டியின் ஆண்டுப் பெயரும் மாதப் பெயரும் என்று சொல்ல வேண்டும். அதைவிட அவசியமான செய்தி, வட்ட அடைப்புக்குள் உள்ள 28.08.2025 மூலத்திலேயே அச்சாகியிருக்கிறது என்பது. இதைச் சொல்லாவிட்டால், அந்த ஆங்கிலத் தேதியை மொழிபெயர்ப்பாளர் கணக்கிட்டுச் சேர்த்தார் என்று அதிகாரி நினைக்கக்கூடும். சான்று மூலத்துடையதா, பெயர்த்தவருடையதா என்ற கேள்வி எழும்.

ஆங்கிலத் தேதி இல்லாத பழைய பத்திரிகைகளில் இந்த வேலை இன்னும் கடினம். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 2025 ஏப்ரலில் தொடங்கியதும் விசுவாவசு, 1965 ஏப்ரலில் தொடங்கியதும் விசுவாவசு. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த பத்திரிகையில் வெறும் 'விசுவாவசு ஆவணி' என்று இருந்தால், 1965 என்று உறுதியாக எழுதிவிட மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை. 'இந்த ஆண்டுப் பெயர் 60 ஆண்டு சுழற்சியில் வருவது. 1965-66, 2025-26 ஆகியவை இப்பெயருள்ள ஆண்டுகள். மூலத்தில் கிரிகோரியன் தேதி இல்லை' என்று மட்டும் எழுதலாம். தாளின் பழமை, குடும்பத்தார் சொன்ன செய்தி ஆகியவற்றைக் கொண்டு முடிவு கட்டுவது மற்றவர்கள் வேலை.

பத்திரிகைத் தேதி சரியா என்று தெரிந்துகொள்ள இந்தச் சொற்களே உதவுகின்றன. 2025இல் ஆவணி முதல் நாள் ஆகஸ்ட் 17; அப்படியானால் 12ஆம் நாள் ஆகஸ்ட் 28, வியாழன். வியாழக்கிழமை காலை 6 முதல் 7.30 வரை எமகண்டம் என்பதால் முகூர்த்தம் 7.30க்கு மேல் தொடங்குகிறது. 9 மணிக்குள் முடிகிறது. எல்லாம் ஒன்றுக்கொன்று இசைகின்றன. படத்தில் '28' மங்கலாக '23' போலத் தெரிந்தால், இந்த இசைவே எழுத்தைப் படிக்கக் கைகொடுக்கும். அச்சகத்தில் நிஜமாகவே தவறு நேர்ந்து 'புதன்கிழமை' என்று அச்சாகியிருந்தால், புதன் என்றே பெயர்த்து, 'மூலத்தில் உள்ளபடி, 28.08.2025 வியாழக்கிழமை' என்று குறிக்க வேண்டும். திருத்தி எழுதக் கூடாது.

7.30க்கு மேல் 9க்குள் என்பதற்குக் குறிப்பு வேண்டியதில்லை. ஆனால் பெயர்க்கும்போது, நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் நடக்கும் என்ற பொருள் வந்துவிடாமல், தாலி கட்டும் நேரம் இந்த எல்லைக்குள் அமையும் என்று எழுத வேண்டும். பின்னால் நேர்காணலில் 'எத்தனை மணிக்குக் கல்யாணம்?' என்று கேட்டால் மணமகன் 8.10 என்பார், பெண் 8.15 என்பார்.

அடுத்தது பெயர். இங்கேதான் பத்திரிகையும் கடவுச்சீட்டும் அதிகம் மோதுகின்றன. கடவுச்சீட்டில் அவர் செந்தில்குமார் முருகேசன், பத்திரிகையில் மு. செந்தில்குமார், அதுவும் 'திருவளர்ச்செல்வன்' என்ற முன்னொட்டோடு. அந்த முன்னொட்டை ஒலிபெயர்த்துப் பெயரோடு ஒட்டி எழுதினால், கடவுச்சீட்டில் இல்லாத புதுப் பெயர் ஒன்று உருவாகிவிடும். குறிப்பு: 'திருவளர்ச்செல்வன், திருவளர்ச்செல்வி ஆகியவை அழைப்பிதழ்களில் மணமக்களின் பெயருக்கு முன் சேர்க்கும் மரியாதைச் சொற்கள், பெயரின் பகுதி அல்ல. பெயருக்கு முன் உள்ள எழுத்து தந்தை பெயரின் முதலெழுத்து.'

இதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. செல்வன், செல்வி என்பவை வழக்கமாக மணமாகாதவர்களுக்கே வரும் என்பது தமிழறிந்த எல்லோருக்கும் தெரியும். அதைக் குறிப்பில் சேர்த்தால் என்ன? சேர்த்தால், இந்த ஆணுக்கு முன்பு திருமணம் ஆகவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் சான்று கொடுத்ததுபோல் ஆகும். பத்திரிகையில் எந்தச் சொல்லைப் போடுவது என்பது குடும்பமும் அச்சகமும் முடிவு செய்வது. அது எவருடைய திருமண நிலைக்கும் ஆவணமல்ல. பெயரைப் பெயரல்லாததிலிருந்து பிரித்துக் காட்டுவதோடு குறிப்பின் வேலை முடிகிறது.

பிரியாவின் முன்னெழுத்து 'க' இன்னும் கவனம் கேட்கிறது. தமிழில் ஒரே 'க' ஆங்கிலத்தில் கே ஆகலாம், ஜி ஆகலாம். தந்தை கந்தசாமி என்றால் கே, கணேசன் என்றால் ஜி. அதே அட்டையில் 'திரு. ப. கணேசன் அவர்களின் குமாரத்தி' என்று தெளிவாக இருப்பதால் இங்கே ஐயமில்லை. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு 'திரு. ப. க…' என்று மட்டும் தெரிந்தால் வேறு படம் கேட்பதே முறை; ஊகித்து எழுதிவிட்டுக் கடவுச்சீட்டோடு மோதவிடக் கூடாது. கணேசனின் முன்னெழுத்தான 'ப'வும் அதே போலத்தான். அவர் தந்தை பழனிசாமியா பாலுவா என்பது அட்டையில் இல்லாததால், அவருடைய அடையாள ஆவணத்தில் உள்ள எழுத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

'தெய்வத்திரு' பார்வைக்குப் பெரிய சொல். ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் 'தி லேட்' என்று நேரான, பழகிய சொல் இருக்கிறது. காலஞ்சென்றவர் என்று பொருள். பெயர்த்துவிட்டால் முடிந்தது. 'தாய்மாமன்' அப்படித்தான்: தாயின் சகோதரர் என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை. தாய்மாமன் சீர், மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது என்று எழுத ஆசை வரும். அந்த உறவின் கனம் அத்தனை பெரியது. எழுதத் துடிப்பதில் நியாயம் உண்டு. இருந்தாலும் இந்தத் தாளில் அவர் அழைப்பவர்களில் ஒருவர், அவ்வளவே.

'அண்ணன்' என்பதுதான் சிக்கல். பத்திரிகையின் கடைசியில் மணமகனின் அண்ணன்கள் என்று மூவர் பெயர் இருக்கலாம். விண்ணப்பப் படிவத்தில், உடன்பிறந்தோர் என்ற இடத்தில் ஒருவர்தான் இருப்பார். மற்ற இருவர் பெரியப்பா மகன்கள். தமிழ்க் குடும்பத்தில் பெரியப்பா மகனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், பத்திரிகையிலும் அப்படியே போடுவோம். ஆங்கிலத்தில் 'மூத்த சகோதரர்' என்று எழுதினால் மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். விண்ணப்பதாரர் இருவரை மறைத்ததாகவும் ஆகிறது. குறிப்பு: 'அண்ணன் என்ற சொல் உடன்பிறந்த மூத்த சகோதரரையும், தந்தையின் சகோதரர்கள், தாயின் சகோதரிகள் ஆகியோரின் மகன்களில் மூத்தவரையும் குறிக்கும். இங்கு எந்த உறவு என்று மூலத்தில் குறிப்பிடப்படவில்லை.'

இரண்டாவது வாக்கியம் முக்கியம். பத்திரிகை அனுப்பியவர் தொலைபேசியில், 'முதல் ஆள் மட்டும் கூடப்பிறந்தவர், மத்த ரெண்டு பேரும் பெரியப்பா பசங்க' என்று சொல்லியிருக்கக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது தாளில் இல்லை. தாளில் இல்லாததைக் குறிப்பில் சேர்த்தால், 'இது துல்லியமான மொழிபெயர்ப்பு' என்று போடும் கையொப்பம் பொய்யாகிவிடும். அந்தச் செய்தியை விண்ணப்பதாரர் தம் விளக்கக் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இனி 'திருமாங்கல்ய தாரணம்'. தொடக்கக்காரர் இதற்கு எழுதும் குறிப்பு பெரும்பாலும் இந்தப் பாணியில் இருக்கும்: 'மாங்கல்யம் என்னும் தாலி தமிழர் பண்பாட்டில் மிகப் புனிதமானது. மஞ்சள் கயிற்றிலோ தங்கச் சங்கிலியிலோ கோத்த இதை மணமகன் மூன்று முடிச்சிட்டு மணமகளின் கழுத்தில் அணிவிக்கிறார். இது சுமங்கலியின் அடையாளம். தாலி கட்டியதும் இந்து முறைப்படி திருமணம் சட்டப்பூர்வமாக நிறைவுறுகிறது.'

இதிலுள்ள கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். புனிதம் என்பது மதிப்பீடு. அதிகாரி அதைக் கேட்கவில்லை. மூன்று முடிச்சு பத்திரிகையில் இல்லை. 'அணிவிக்கிறார்' என்பது நடந்து முடிந்ததுபோல் தொனிக்கிறது. பத்திரிகையோ கல்யாணத்துக்கு முன்பே அச்சானது, நிச்சயித்திருப்பதை மட்டும் அறிவிக்கிறது. கடைசி வாக்கியம் எல்லாவற்றையும்விட ஆபத்து. எந்தச் சடங்கால் இந்துத் திருமணம் செல்லுபடியாகிறது என்பது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பேசும் விஷயம். அதற்கு 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் சேர்ந்த 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்துக்கு மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும் என்கிறது. அந்த விவாதத்துக்குள் மொழிபெயர்ப்பாளர் ஓர் அடிக்குறிப்பின் வழியாக நுழைந்தால், தமக்கு உரிமையில்லாத இடத்தில் தீர்ப்புச் சொன்னவர் ஆவார்.

வெட்டியபின் மிஞ்சுவது: 'திருமாங்கல்ய தாரணம்: மணமகன் மணமகளின் கழுத்தில் தாலியைக் கட்டும் சடங்கு, திருமண நிகழ்ச்சியின் மையச் சடங்கு.' பத்துப் பதினைந்து சொற்கள். ஒலிபெயர்த்த சொல், அதன் நேர்ப்பொருள், இந்தத் தாளில் அது செய்யும் வேலை ஆகிய மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

உச்சியிலிருக்கும் 'உ'வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளையார் சுழியைச் சின்ன அலங்காரம் என்று விட்டுவிடத் தோன்றும். 'முழுமை' என்ற நிபந்தனை அதற்கு இடம் தராது. மேலும் அந்த எழுத்து, தமிழ் எண் இரண்டைப் போலவே இருக்கும். தமிழ் எண்கள் தெரிந்த ஒருவர் பார்த்தால், இது இரண்டாம் பக்கமோ, முதல் பக்கம் எங்கே என்று கேட்கலாம். 'தலைப்பிலுள்ள குறி, எழுதத் தொடங்கும்போது விநாயகரை எண்ணி இடும் மங்கலக் குறி; எண் அல்ல' என்பது போதும்.

ஆக ஒரு பக்கப் பத்திரிகைக்கு ஆறு அல்லது ஏழு குறிப்புகள் சேர்கின்றன: சுழி, தேதி, சித்திரை, பெயர் முன்னொட்டும் முன்னெழுத்தும், மாங்கல்ய தாரணம், வரவேற்பு, அண்ணன். திதிக்கும் லக்னத்துக்கும் தனிக் குறிப்பு எழுத வேண்டியதில்லை; 'சந்திர நாள்', 'உதய ராசி' என்று வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு சொல்லில் அடக்கிவிடலாம். குறிப்புகளுக்கு எண் கொடுத்து, மொழிபெயர்ப்பு முடிந்தபின் ஒரு கோடு போட்டு, 'மொழிபெயர்ப்பாளர் குறிப்புகள்: இவை மூலத்தின் பகுதி அல்ல' என்ற தலைப்பின் கீழ் வைப்பது வசதி. அதே சொல் மறுபடி வந்தால் குறிப்பு மறுபடி வராது. குறிப்புகள் மொழிபெயர்ப்பைவிட நீண்டுவிட்டால், எதை எழுதினோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே பெயர்த்திருக்கக்கூடிய சொல் ஏதாவது குறிப்பாக மாறியிருக்கும்.

ஊருக்கு ஊர், சமயத்துக்குச் சமயம் சொற்கள் மாறும். கத்தோலிக்கத் திருமண ஆவணங்களில் வரும் 'ஓலை வாசித்தல்' தமிழுக்கே உரிய வழக்கு போல ஒலிக்கும். ஆனால் திருமண அறிவிப்பைக் கோவிலில் ஞாயிறுதோறும் வாசிக்கும் அந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'பேன்ஸ்' என்று பழைய சொல் உண்டு. அதை அறிந்தவருக்குக் குறிப்பு எழுதும் வேலையே இல்லை. இஸ்லாமியப் பத்திரிகையின் தலையில் இருக்கும் 786, தொலைபேசி எண்ணோ வரிசை எண்ணோ அல்ல என்று சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது யாழ்ப்பாணத்து 'எழுத்து'. அங்கே கல்யாண எழுத்து என்றால் திருமணப் பதிவு. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் எழுத்து முதலில் முடிந்து, தாலி கட்டும் சடங்கு மாதங்கள் கழித்தும் நடக்கலாம். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அந்த ஊர்க் கடிதத்தின் படத்தைப் பெயர்த்து, 'எழுத்து முடிந்தது' என்பதைப் 'பத்திரம் எழுதி முடிந்தது' என்று ஆங்கிலத்தில் போட்டால், சட்டப்படி திருமணம் பதிவான தேதியே கோப்பிலிருந்து காணாமல் போகும். இங்கே சொல்லைப் 'பதிவு' என்றே பெயர்த்து, 'மூலச் சொல்: எழுத்து, யாழ்ப்பாண வழக்கில் திருமணப் பதிவைக் குறிப்பது' என்று அடியில் எழுத வேண்டும். படத்தில் அந்தச் சொல்லின் முன்னும் பின்னும் உள்ள வரிகள் மங்கியிருந்தால், கடிதத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நான்கு மூலையும் தெரியும்படி வைத்து மறுபடி எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும், மறுபக்கத்தையும் சேர்த்து.